முள்ளுக்கம்பிக்கு மூன்று கொட்டேசன்: வன்னியில் நன்கொடைத் திட்டக் கணக்காய்வு அனுபவங்கள்

ஒலுமடுவான்

நான் வவுனியாவில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை. ஐரோப்பிய நிதியில் நடந்த வாழ்வாதாரத் திட்டம் ஒன்றின் செலவுகளைச் சரிபார்க்க ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்புப் பக்கம் போனதைச் சொல்கிறேன். திட்டத்தை நடத்திய நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

வீட்டுத்தோட்டத்துக்கு மாடு, பன்றி வராமல் வேலி அடைக்க 40 குடும்பங்களுக்குப் பொருள் கொடுத்திருந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு 2 சுருள் முள்ளுக்கம்பியும் 12 கொங்கிறீட் தூணும். விலை 40,000 ரூபா, அதன்மேல் 18 வீத வற் வரி 7,200. ஆக 47,200. முதல் 20 குடும்பங்களுக்கான ஓடர் 2024 செப்டம்பர் 4ஆம் திகதி போயிருக்கிறது, மற்ற 20க்கு 13ஆம் திகதி. இரண்டும் ஒரே கடைக்கு, ஒவ்வொன்றும் 944,000 ரூபா.

அவர்களுடைய கொள்வனவு விதிப்படி 10 இலட்சத்துக்குக் கீழே என்றால் மூன்று கொட்டேசன் போதும். அதற்கு மேலே போனால் பத்திரிகையில் விளம்பரம் போட்டு, மூடிய உறையில் கேள்விமனு எடுக்க வேண்டும். ஏன் இரண்டாகப் பிரித்தீர்கள் என்று கேட்டேன். பயனாளிகள் பட்டியல் பிரதேச செயலகத்திலிருந்து இரண்டு தடவையாக வந்தது என்றார்கள். நம்பக்கூடிய காரணம்தான், இங்கே அப்படி நடப்பதுண்டு. ஆனால் கோப்பிலிருந்த செயலகக் கடிதம் ஓகஸ்ட் மாதத்தில் வந்த ஒரே கடிதம், 40 பெயரும் அதிலேயே இருந்தன. கொள்வனவுத் திட்டத்திலும் 40 தொகுதி என்று ஒரே வரிதான். காரணம் அங்கேயே விழுந்துவிட்டது.

அப்புறம் கொட்டேசன்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெவ்வேறு கடைகளின் இரண்டு தாள்களில் "முற்கம்பி" என்று ஒரே எழுத்துப்பிழை. பொருள் வரிசையும் ஒன்று, கீழே "விலை 14 நாட்களுக்குச் செல்லுபடியாகும்" என்ற வரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. அதில் ஒரு கடையைத் தேடிப் போனால் அது உரக்கடை. முள்ளுக்கம்பி அவர் விற்பதே இல்லை. ஐயா ஒளிக்காமல் சொன்னார்: "அந்தத் தம்பி வந்து லெட்டர்ஹெட் ஒண்டு கேட்டவர், குடுத்தனான். சனத்துக்குச் சாமான் வாறதை நான் ஏன் மறிப்பான்?" அவருக்கு அது ஊருக்குச் செய்த உதவி.

கணக்குக்காரத் தம்பி

அண்ணை, நான் ஒரு உள்ளூர் நிறுவனத்தில் நிதி அலுவலர். மூன்று கொட்டேசன் கோப்பில் இருக்கிறதுதானே? விதி கேட்பது அதைத்தான். கடைக்காரரிடம் போய் விசாரிக்கிறது பொலிஸ் வேலை. சாமான் வந்து சேர்ந்ததா, காசு போனதா என்று பார்த்தால் உங்கள் வேலை முடிந்தது.

இன்னொன்று. திட்டம் எப்போது முடிந்தது? எங்கள் ஒபிஸில் முடிவுத் திகதிக்குப் பிறகு எழுதிய காசோலை எல்லாவற்றையும் கணக்காய்வாளர் வெட்டிவிடுவார். அதைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும்.

ஒலுமடுவான்

திட்டம் செப்டம்பர் 30இல் முடிந்தது. இரண்டாவது தொகுதிக்கான காசோலை ஒக்ரோபர் 25ஆம் திகதி.

கண்டிவீதிக் கடைக்காரர்

நான் கிளிநொச்சியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தையும் ஒருக்கால் கேளுங்கோ. வருசம் முழுக்கக் கொட்டேசன் கேட்டு வருகிறார்கள். நான் கம்பி மொத்த விலை விசாரித்து, லொறிக் கூலி போட்டு, ஒரு நாளை மினக்கெடுத்தித்தான் விலை எழுதிக் கொடுக்கிறேன். பிறகு ஒரு பதிலும் வராது. யாருக்கு ஓடர் போனது, என்ன விலைக்குப் போனது என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். இப்போது வெறும் லெட்டர்ஹெட்டைக் கேட்டால் கொடுக்கிற கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விலை எழுதுகிறதும் எழுதாததும் எங்களுக்கு ஒன்றுதான்.

மல்லாவி அக்கா

தம்பி, நீங்கள் சொன்னதில் பாதி சரி. முடிவுத் திகதிக்குப் பிறகு காசு கட்டினால் தள்ளுபடி என்று ஐரோப்பிய ஒப்பந்தத்தின் பொது நிபந்தனைகளில் இல்லை. செலவு திட்டக் காலத்துக்குள் உண்டாகியிருக்க வேண்டும், காசு இறுதி அறிக்கை அனுப்புவதற்குள் கட்டப்பட்டால் போதும். அதற்குள்ளும் கட்ட முடியாவிட்டால், கட்டப்போகும் உத்தேசத் திகதியோடு அறிக்கையில் காட்டலாம். ஆனால் காலத்துக்குள் ஓடர் கொடுத்துவிட்டால் செலவு உண்டாகிவிட்டது என்று நினைக்கிறார்களே, அதுதான் பிழை. சாமான் காலத்துக்குள் வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஆகவே காசோலைத் திகதியை விடுங்கள், பொருள் பெற்ற சீட்டின் திகதி என்ன?

கொட்டேசன் விசயத்துக்கும் வருகிறேன். விதி கேட்பது போட்டியை, தாளை இல்லை. வன்னியில் மூன்று கடை கிடைக்காது என்பது பல பொருட்களுக்கு உண்மை. அதற்கு நேர்மையான வழி இருக்கிறது. கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணம் என்று நாலைந்து கடைகளுக்கு எழுத்தில் கேளுங்கள், கேட்டதற்கான அத்தாட்சியை வையுங்கள். ஒருவர்தான் பதில் போட்டார் என்றால் அதை மதிப்பீட்டுக் குறிப்பில் எழுதி, விலை ஏன் நியாயம் என்று இரண்டு வரி சேருங்கள். நான் பார்த்த கோப்புகளில் அப்படி வந்த ஒற்றைக் கொட்டேசன் தப்பியிருக்கிறது. பொய்யாகச் செய்த மூன்று தப்பவில்லை. அது வெறும் விதிமீறலோடு நிற்காது, மோசடிச் சந்தேகமாகப் போய்விடும்.

கடைக்கார அண்ணை கேட்டது நியாயம். ஓடர் யாருக்குப் போனது என்று மற்றவர்களுக்கும் ஒரு கடிதம் போட வேண்டும். அதைச் செய்கிற ஒபிஸை நான் அதிகம் காணவில்லை.

ஒலுமடுவான்

அக்கா சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். பொருள் பெற்ற சீட்டில் செப்டம்பர் 28 என்று இருந்தது, இரண்டு நாள் மிச்சம். ஆனால் அந்த நாள் சனிக்கிழமை. களஞ்சியப் பொறுப்பாளரின் வரவுப் பதிவேட்டில் அன்றைக்குக் கையொப்பம் இல்லை, சீட்டில் மட்டும் இருக்கிறது. இதை மட்டும் வைத்து ஒன்றும் எழுத முடியாது. விடுமுறை நாளில் வந்து சாமான் இறக்கிவிட்டு, பதிவேட்டில் வைக்க மறந்திருக்கலாம்.

அதனால் இரண்டாவது தொகுதிக் குடும்பங்களில் 8 வீட்டுக்குப் போனோம். திகதி கேட்டால் யாருக்கும் நினைவில் இருக்காது. அம்மா, கம்பி வந்த நேரம் ஊரில் என்ன நடந்தது என்று கேட்டால் வரும். 5 வீட்டில் ஒன்றுக்கொன்று தெரியாமல் ஒரே பதில்: சரஸ்வதி பூசை முடிந்து லொறி வந்தது. அந்த வருடம் விஜயதசமி ஒக்ரோபர் 12. கடைக்காரரின் லொறிப் புத்தகத்தில் அந்த ஓட்டம் 15ஆம் திகதி.

வேலிகள் நிற்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். போன எல்லா வீட்டிலும் 12 தூணும் எண்ணினோம். ஒரு வீட்டில் ஒரு சுருள் கம்பி மச்சான் வளவுக்குப் போயிருந்தது, அவ்வளவுதான்.

வற் வரியிலும் ஒரு சிக்கல். விலைப்பட்டியலில் 18 வீதம் போட்டிருந்தார்கள், வற் இலக்கம் இல்லை. பதிவு செய்த வியாபாரி என்றால் வரி அடையாள இலக்கத்துக்குப் பின்னால் 7000 என்று முடியும். அங்கே வெறும் ஒன்பது இலக்கம். 2024இல் கட்டாயப் பதிவுக்கான எல்லை வருட விற்பனை 6 கோடி ரூபா. அந்தக் கடை அந்த அளவு இல்லை. பதிவில்லாதவர் வாங்கிய 7,200 வரியே இல்லை, விலைக்கு மேல் வாங்கிய காசு.

கணக்குக்காரத் தம்பி

அப்படியென்றால் மூன்று கண்டறிவு. கொள்வனவுக்கு 1,888,000, காலம் கடந்ததுக்கு 944,000, வற்றுக்கு 288,000. மொத்தம் 3,120,000 திருப்பிக் கட்ட வேண்டுமா? அந்த நிறுவனம் இழுத்து மூட வேண்டியதுதான்.

மல்லாவி அக்கா

செலவழித்ததே 1,888,000 தம்பி! செலவழித்ததைவிடக் கூட எப்படித் தள்ளுவது? 944,000 அதற்குள் இருக்கிறது, 288,000உம் அதற்குள் இருக்கிறது. மூன்று காரணத்தையும் தனித்தனியே எழுதி, எது எதற்குள் அடங்குகிறது என்று காட்ட வேண்டும். நன்கொடையாளர் பிரித்த குற்றத்தை மன்னித்தாலும் இரண்டாவது தொகுதி திகதியில் விழும். திகதியையும் விட்டால் வற் தனியாக நிற்கும்.

ஆனால் நீங்கள் விட்ட ஒன்று இருக்கிறது. நிர்வாகச் செலவு நேரடிச் செலவில் 7 வீதம் வரை எடுக்கலாம், அவர்கள் முழுதாக எடுத்திருந்தால் நேரடிச் செலவு தள்ளப்படும்போது அதன் 7 வீதமும் சேர்ந்து போகும். 1,888,000க்கு 132,160.

விசுவமடு சங்கச் செயலாளர்

எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் கணக்காய்வு வைக்க வேண்டும். பற்றுச்சீட்டுப் புத்தகம் இரண்டு வெள்ளத்தில் நனைந்துவிட்டது. நீங்கள் வருவீர்களா, கட்டணம் எவ்வளவு?

ஒலுமடுவான்

செயலாளர் ஐயா, சங்கக் கணக்கு வேறு விதம், முதலில் பிரதேச செயலகத்தில் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேளுங்கள். நனைந்த புத்தகத்தை எறிய வேண்டாம், காயவைத்துப் படம் எடுத்து வையுங்கள்.

கண்டிவீதிக் கடைக்காரர்

சனத்தின் வேலி நிற்கிறது, விலையும் அநியாயம் இல்லை. எங்கள் கடையில் அன்றைக்குக் கேட்டிருந்தால் 39,000, 41,000க்குள்தான் சொல்லியிருப்பேன். பிறகு எதற்கு முழுக் காசையும் பிடுங்க வேண்டும்?

ஒலுமடுவான்

பணிப்பாளரும் இதையேதான் கேட்டார். எங்களுடையது கருத்துச் சொல்லும் கணக்காய்வு இல்லை, ஐஎஸ்ஆர்எஸ் 4400 நியமப்படி கண்டதை மட்டும் எழுதுகிற வேலை. தொகை, விதி, சான்று, அவர்களுடைய பதில் எல்லாம் எழுதினோம். வேலிகளைக் கண்டதையும் எழுதினோம். தள்ளுவதா, எவ்வளவு தள்ளுவதா என்று முடிவெடுப்பது நன்கொடையாளர்.

வற் 288,000ஐ உடனே தள்ளிவிட்டார்கள். அந்தக் காசைக் கடைக்காரர் திருப்பித் தந்தால் சரியாகுமா என்று பணிப்பாளர் கேட்கிறார். தந்தால் நிறுவனத்தின் கைநட்டம் குறையும், தள்ளின செலவு திரும்பச் செல்லுபடியாகாது.

மிச்ச 16 இலட்சத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. இறுதிக் கொடுப்பனவு நிற்கிறது, கள உத்தியோகத்தர்கள் இரண்டு பேருக்குக் கடைசிச் சம்பளமும் அதோடு நிற்கிறது.

மல்லாவி அக்கா

சம்பளத்தை அதிலே கட்டிப்போட விட வேண்டாம். அவர்களுடைய ரைம்ஷீட் சரியாக இருந்தால் அது தனிச் செலவு, கம்பியோடு சம்பந்தம் இல்லை. நிறுவனம் தன் காசிலிருந்து கட்டிவிட்டு, கட்டிய அத்தாட்சியை நன்கொடையாளருக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

கணக்குக்காரத் தம்பி

தன் காசு இருந்தால்தானே அக்கா.