ரிவ்யூவில் 51 டெசிபல், 46 டெசிபல்: மூன்று பேர் தூங்கும் அறைக்கு எது?

அறை 214
கோவையில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. விடுதி அறையில் மூன்று பேர், ஏசி கிடையாது. இரவில் பிளெண்டரில் அனிமேஷன் ரெண்டர் போடுவேன், கொஞ்சம் கேமும் உண்டு. இரண்டு லேப்டாப் பார்த்து வைத்திருக்கிறேன், இரண்டிலும் ஆர்டிஎக்ஸ் 4060. முதல் மாடல் லோடில் 51 டெசிபல் என்று ஒரு ரிவ்யூ சொல்கிறது. இரண்டாவது 46 என்று வேறொரு ரிவ்யூ. கீபோர்டு நடுவில் முதலாவது 44 டிகிரி, இரண்டாவது 47. சத்தம் குறைவு என்று இரண்டாவதையே வாங்கிவிடலாமா? பக்கத்துக் கட்டில்காரன் கொசு பறந்தாலே எழுந்துவிடுவான்.

ஃப்ரேம்ரேட் பாண்டி
தம்பி, 51க்கும் 46க்கும் பத்து சதவீதம்தான் வித்தியாசம். காதுக்கே தெரியாது. கேமிங் லேப்டாப் என்றால் லோடில் கத்தத்தான் செய்யும், எல்லாம் ஒரே ரகம். சீலிங் ஃபேன் நாலில் ஓடினால் அந்தச் சத்தமும் அமுங்கிவிடும். என் மொபைல் ஆப்பில் என்னுடையது 42தான் காட்டுகிறது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேலையைப் பார்.

லேப் அக்கா
பாண்டி, ஹெட்போன் மாட்டுவது அவர், தூங்குவது வேறொருவர்.

டெசிபலைச் சதவீதமாகப் பார்க்க முடியாது. பத்து டெசிபல் கூடினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். ஐந்து என்பது யாருக்கும் நன்றாகவே தெரியும் வித்தியாசம்.

ஆனால் தம்பி, அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே கூடாது. மைக்கை எவ்வளவு தூரத்தில் வைத்தார்கள் என்று ரிவ்யூவில் தேடிப் பாருங்கள். நோட்புக்செக் போன்ற தளம் 15 சென்டிமீட்டரில் வைத்து அளக்கும். அரை மீட்டரில் வைத்து அளப்பவர்களும் உண்டு. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். 15லிருந்து 50க்குப் போனால் பத்துக்குக் கொஞ்சம் மேலேயே குறையும். அப்படியானால் 15இல் 51 காட்டிய மெஷின் அரை மீட்டரில் 41 அளவில்தான் இருக்கும். நீங்கள் சத்தக்காரன் என்று ஒதுக்கியதுதான் அமைதியானதாக இருக்கலாம்.

எந்த மோடில் அளந்தார்கள் என்பதையும் பாருங்கள். ஒருவர் டர்போவில், இன்னொருவர் பேலன்ஸ்டில் அளந்திருந்தால் இந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை.

அறை 214
இப்போதுதான் பார்த்தேன் அக்கா. முதலாவது 15 செ.மீ., டர்போ. இரண்டாவது 50 செ.மீ., மோடு போடவில்லை.

சொட்டுநீர்
இதே கேள்விதான் எனக்கும். என் லேப்டாப்பில் சூடு 95 டிகிரி காட்டுகிறது. இது வெடித்துவிடுமா? சர்வீஸ் சென்டரில் பேஸ்ட் மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

லேப் அக்கா
அது சிப்புக்குள் இருக்கும் சூடு, கை படும் இடத்துச் சூடு அல்ல. அவர் கேட்பது இரண்டாவதை. 95க்குப் பல சிப்கள் தாங்களாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், வெடிக்காது. வாங்கியபோது இவ்வளவு காட்டவில்லை என்றால் முதலில் ஃபேனில் தூசி இருக்கிறதா என்று பாருங்கள். பேஸ்ட் அப்புறம்.

ஃப்ரேம்ரேட் பாண்டி
அக்கா, உங்கள் ஆறு டெசிபல் கணக்கு மைதானத்தில்தான் எடுபடும். விடுதி அறையில் நாலு பக்கமும் பூசிய சுவர், கீழே டைல்ஸ். சத்தம் எதிரொலித்துச் சுற்றிச்சுற்றி வரும்.

லேப் அக்கா
அது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். பத்து குறையும் இடத்தில் ஏழுதான் குறையலாம். அப்போதும் 44, அதாவது 46க்குக் கீழே. அதனால்தான் ரிவ்யூ எண்ணோடு நிறுத்தாமல் அறையிலேயே அளக்கச் சொல்கிறேன். அந்த மாடல் வைத்திருக்கும் சீனியர் யாராவது கிடைப்பார். கடையில் போய் அளக்க நினைக்காதீர்கள், அங்கே ஏசியும் கூட்டமும்தான் கேட்கும்.

அளக்கும் விதம் இது. மொபைலை லேப்டாப் பக்கத்தில் வைக்காமல், பக்கத்துக் கட்டிலில் தலையணை இருக்கும் இடத்தில் வையுங்கள். லேப்டாப்பை அணைத்துவிட்டு, வழக்கமான வேகத்தில் சீலிங் ஃபேனை ஓடவிட்டு ஒரு அளவு எடுங்கள். பிறகு லோடு போட்டு, இருபது முப்பது நிமிடம் கழித்து இன்னொன்று. முதல் சில நிமிடங்களை நம்பக் கூடாது, உள்ளே ஹீட்சிங்க் இன்னும் சூடேறியிருக்காது. மொபைல் ஆப் காட்டும் எண் துல்லியமாக இருக்காது. பாண்டியின் 42 வேறொரு போனில் 48 காட்டலாம். ஆனால் ஒரே போனில், ஒரே இடத்தில் எடுத்த இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை ஓரளவு நம்பலாம்.

உதாரணமாக லேப்டாப் இல்லாமல் 41, ஓடும்போது 46 என்றால், லேப்டாப்பின் பங்கு மட்டும் 44 அளவு. வித்தியாசம் மூன்றுக்குக் கீழே என்றால் சீலிங் ஃபேன் சத்தத்திலிருந்து அதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

ஃப்ரேம்ரேட் பாண்டி
அப்படியானால் நான் சொன்னதுதானே? சீலிங் ஃபேன் அமுக்கிவிடும்.

லேப் அக்கா
பாதி உண்மை. ஒரே சீராக ஓடும் லேப்டாப் ஃபேனை அது அமுக்கும். ஏறி இறங்கும் ஃபேனை அமுக்காது. சீலிங் ஃபேனின் சத்தம் கனமானது, லேப்டாப் ஃபேனுடையது மெல்லிய கீச்சு. சத்தத்தை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ராய்ட் மாதிரி ஒரு ஆப்பைத் திறந்தால் அந்தக் கீச்சு தனிக் கம்பமாக நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். டெசிபல் எண்ணில் அது தெரியாது. தூக்கம் லேசானவரை எழுப்புவது பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கம்தான்.

பழைய இரும்பு
எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். சத்தமும் சூடும் ஒரே பணப்பையிலிருந்து எடுப்பது. ஃபேனை அமைதியாக்கினால் கீபோர்டு சுடும், கீபோர்டைக் குளிர வைத்தால் ஃபேன் கத்தும். இரண்டும் ஒன்றாகக் குறைய வேண்டுமென்றால் வாட்டைக் குறைக்க வேண்டும். 4060 என்ற பெயரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, லேப்டாப்பில் அதே சிப் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை வருகிறது. என் கட்சி இது: பெரிய ஹீட்சிங்க் உள்ள மெஷினை வாங்கி, வாட்டைக் கட்டிப்போட்டு ஓட்டு. எத்தனை வாட் போகிறது என்று பார்க்க:

```
nvidia-smi --query-gpu=power.draw,temperature.gpu --format=csv -l 5
```

கேமில் ஃப்ரேமை 60இல் நிறுத்தினாலே வாட் நன்றாக இறங்கும்.

லேப் அக்கா
கேமுக்குச் சரி. பிளெண்டர் ரெண்டருக்கு ஃப்ரேம் கட்டுப்பாடு கிடையாது, கொடுத்ததையெல்லாம் தின்னும். அங்கே சைலன்ட் மோடு ஒன்றுதான் வழி, ரெண்டர் நேரம் நீளும். தடிமனான மெஷினை வாங்கிக் கட்டிப்போடலாம் என்பதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. நாளைக்கு அசைன்மென்ட் என்றால் எந்த மாணவன் சைலன்டில் வைப்பான்? எங்கள் கணினிக்கூடத்தில் பார்க்காததா? இருபது லேப்டாப்பில் யாராவது ஒருவர் டர்போவைத் தட்டினால் அடுத்தவரும் தட்டுவார். ஒரே மாதிரி இருபது சேர்ந்தால் ஒன்றைவிட 13 டெசிபல் கூடும். பாடம் நடக்கும்போது வகுப்பறையின் பின்னணிச் சத்தம் 35ஐத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பழைய வழிகாட்டுதல். எங்கள் கூடம் அதை என்றைக்கோ தாண்டிவிட்டது, பின்வரிசைக்கு நான் கத்தித்தான் பாடம் எடுக்கிறேன். ஆளுக்கு 150 வாட் என்றால் மொத்தம் 3 கிலோவாட். அந்தச் சூட்டை வெளியே தள்ள மட்டும் கிட்டத்தட்ட ஒரு டன் ஏசி வேண்டும்.

பழைய இரும்பு
அது ஒழுங்கு பிரச்சினை, மெஷின் பிரச்சினை இல்லை.

லேப் அக்கா
பொது அறையில் அதைப் பிரிக்க முடியாது என்கிறேன்.

தம்பி, சூடு பற்றி. உங்கள் 44, 47 இரண்டும் ஏசி அறையில், 22 முதல் 25 டிகிரிக்குள் அளந்தவையாக இருக்கும். உங்கள் அறை 31 என்றால் இடையிலுள்ள ஆறு முதல் ஒன்பது டிகிரி கிட்டத்தட்ட அப்படியே மேலே ஏறும், அல்லது ஃபேன் இன்னும் வேகமெடுத்துச் சத்தமாக மாறும். உலோகமோ பிளாஸ்டிக்கோ, 48 டிகிரியில் பத்து நிமிடம் தோல் ஒட்டியே இருந்தால் தீக்காயம் வரலாம் என்பது வழக்கமான எல்லை. விரல் விட்டுவிட்டுத் தட்டுவதால் கீபோர்டு நடுவில் 50ஐக்கூடச் சமாளிக்கலாம். உள்ளங்கை வைக்கும் இடத்துக்கு அது ஆகாது. மடியில் வைக்கவே வேண்டாம்.

ஐஆர் துப்பாக்கியால் அளந்தால் ஒரு எச்சரிக்கை. பளபளக்கும் உலோகத்தில் அது குறைத்துக் காட்டும். ஒருமுறை 36 காட்டியது, கை வைத்தால் சுட்டது. கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் அளந்தேன், 49.

அறை 214
நான்கு நாள் ஆயிற்று. சீனியரின் முதல் மாடலை ஓர் இரவு வாங்கி வந்து அளந்தேன். அறை 31 டிகிரி, சீலிங் ஃபேன் மூன்றில், லேப்டாப் இல்லாமல் தலையணையில் 41. டர்போவில் ரெண்டர் போட்டபோது 49. டேப் ஒட்டிப் பார்த்ததில் கீபோர்டு நடு 52, உள்ளங்கை இடம் 38. சைலன்டில் 43, நடு 45. ஒரு ஃப்ரேம் நான்கு நிமிடத்தில் முடிந்தது ஐந்தரை ஆனது.

சைலன்டிலும் பக்கத்துக் கட்டில்காரன் எழுந்துவிட்டான். ஒவ்வொரு ஃப்ரேமும் முடிந்து அடுத்தது தொடங்கும்போது ஃபேன் இறங்கி மறுபடி ஏறுகிறது.

லேப் அக்கா
நான் சொன்ன ஏற்ற இறக்கம் அதுதான். ஃப்ரேமுக்கு நடுவே காட்சியை மறுபடி ஏற்றும்போது கிராஃபிக்ஸ் சிப் சும்மா இருக்கிறது. பிளெண்டரில் ரெண்டர் அமைப்புகளில் Performance பகுதியில் Persistent Data என்று இருக்கும், அதை டிக் செய்தால் அந்த இடைவெளி சுருங்கும், மெமரி மட்டும் கூடுதலாகப் பிடிக்கும். லேப்டாப்பின் மென்பொருளில் ஃபேன் வேகத்தை ஒரே அளவில் நிறுத்த முடிந்தால் அதையும் செய்யுங்கள். 45இல் சீராக ஓடுவது, 40க்கும் 44க்கும் நடுவே ஊசலாடுவதைவிடத் தேவலை.

ஃப்ரேம்ரேட் பாண்டி
கடைசியில் சீலிங் ஃபேனை நாலில் வைத்துப் பார்த்தாயா இல்லையா?

அறை 214
வைத்தேன் அண்ணா. நாலில் வைத்தால் லேப்டாப் கேட்கவில்லை, ஆனால் மூன்றாமவனுக்குக் குளிர்கிறதாம். லேப்டாப் ஃபேன் வேகத்தை ஒரே அளவில் நிறுத்தியபின் பக்கத்துக் கட்டில்காரன் ஓர் இரவு தூங்கினான். இடது பக்க வென்ட்டிலிருந்து வரும் சூட்டுக்காற்று நேராக அவன் கட்டிலுக்குப் போகிறது, அதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. மேஜையைத் திருப்பினால் ப்ளக் எட்டாது.