சப்ளையர் 2% தள்ளுபடிக்குப் பணத்தை எங்கிருந்து எடுப்பது?

வணக்கம். ஒரு சிறிய மொத்த வியாபாரத்தின் கணக்கு இது. ஆலோசனை தேவை.

ஆண்டு விற்பனை 73 லட்சம், விற்ற சரக்கின் அடக்கவிலை 58.4 லட்சம். அதாவது நாளுக்கு விற்பனை 20,000, அடக்கம் 16,000. சராசரி சரக்கு 9.6 லட்சம், எனவே 60 நாள். வரவேண்டிய பாக்கி 9 லட்சம், 45 நாள். சப்ளையருக்குத் தரவேண்டியது 4.8 லட்சம், 30 நாள். பணச் சுழற்சி 60 + 45 − 30 = 75 நாள். (மார்ச் 31 இருப்பை மட்டும் எடுக்கவில்லை, 12 மாதச் சராசரி. ஆண்டுக் கடைசியில் சரக்கு குறைவாக இருப்பதால் சுழற்சி பொய்யாகச் சுருங்கித் தெரியும்.)

சப்ளையர் 10 நாளில் கொடுத்தால் 2% தள்ளுபடி தருகிறார். 20 நாள் முன்னதாகக் கொடுப்பதற்கு இது ஆண்டுக்குச் சுமார் 37% வட்டிக்குச் சமம், விட மனமில்லை. ஆனால் சுழற்சி 95 நாளாகும், கூடுதலாக 3.2 லட்சம் முடங்கும். ஓவர்டிராஃப்ட் வரம்பு ஏற்கெனவே நிரம்பிவிட்டது.

வழி இரண்டு தெரிகிறது. சரக்கில் 3.2 லட்சம் ஆறு மாதமாக நகராதது, சராசரி 60 நாள் அதை மறைக்கிறது. அடக்கத்துக்கு 20% கீழே தள்ளினால் 2.56 லட்சம் கையில் வரும், ஆனால் 64,000 நஷ்டம். மற்றது, 30 நாள் கெடு பேசி 45 நாளில் தரும் வாடிக்கையாளர்களை நெருக்குவது. முழுதாக வசூலானால் 3 லட்சம். நஷ்டமில்லை, ஆனால் பெரிய வாடிக்கையாளர் விலகினால் விற்பனையே சரியும்.

எதை முதலில் செய்வீர்கள்? கெடுவைக் கறாராக்கியவர்கள், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் செய்தீர்களா, புதிய பில்களுக்கு மட்டுமா?