மிச்சம் வந்த மாதத்தில் முதலில் எதை அடைப்பது?

வணக்கம். எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் கிடையாது, வேலை முடிந்தால்தான் பணம். போன 12 மாத வரவையும் நோட்டில் எழுதிப் பார்த்தேன். கணக்கு எளிதாக இருக்க, சராசரி வரவை 100 என்று வைக்கிறேன். மோசமான மாதத்தில் 55, நல்ல மாதத்தில் 170.

வீட்டுச் செலவு 65. பள்ளிக் கட்டணம், காப்பீடு போன்ற வருடச் செலவுகளைப் பன்னிரண்டாகப் பிரித்தால் 8. கடன் தவணை 17. ஆக மாதம் 90 கட்டாயம். வரவு முழுவதையும் தனிக்கணக்கில் போட்டு, 1ஆம் தேதி 90 மட்டும் எடுத்துக்கொள்கிறோம். இதனால் நல்ல மாதத்தில் கூடுதலாகச் செலவழிப்பது நின்றுவிட்டது.

சிக்கல் இங்கேதான். போன வருடம் தொடர்ந்து மூன்று மாதம் 55, 65, 60 என்று வந்தது. துண்டு விழுந்தது 90. ஆனால் தனிக்கணக்கில் இப்போது இருப்பது 30தான். இந்த மாதம் 170 வந்ததால் 80 மிச்சம். கிரெடிட் கார்டில் 60 பாக்கி, மாதம் 3 சதவீத வட்டி. அதை அடைத்தால் மாதம் 1.8 மிச்சமாகும், ஆனால் கையிருப்பு 50தான் தேறும். அடைக்காவிட்டால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

கார்டை அடைத்துவிட்டு, நெருக்கடி வந்தால் மறுபடி அதிலேயே எடுக்கலாம் என்கிறார் கணவர். வங்கி அதற்குள் வரம்பைக் குறைத்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் என் பயம். பாதிப் பாதியாகப் பிரிப்பது சரியா? இப்படி வரவு ஏறி இறங்கும் வீடுகளில் நீங்கள் எதை முதலில் செய்தீர்கள், எத்தனை மாதத் துண்டுக்குக் கையிருப்பு வைத்தீர்கள்? சொல்லுங்களேன்.