உதவி: பயிர்க் காப்பீடு 1,775 கோடியிலிருந்து 841 கோடி. அப்போ இழப்பீடும் பாதிதானா?

கண்மாய்க்கரை
வேளாண் பட்ஜெட் முக்கிய அம்சங்கள் பிடிஎப் வாட்ஸ்அப்பில் வந்தது. பயிர்க் காப்பீட்டுக்கு 2025-26இல் 841 கோடி என்று இருக்கிறது. போன வருடத்துத் தாளில் 1,775 கோடி. பாதிக்கும் கீழே இறக்கிவிட்டார்கள். நமக்கு வர வேண்டிய இழப்பீடும் அப்போ பாதிதானே? இதில் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு எவ்வளவு என்று எந்தப் பக்கத்தில் பார்ப்பது? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள், நாளைக்கு ஊரில் பேச வேண்டும்.

முதுகுளத்தூர்க்காரன்
பக்கம் தேட வேண்டாம் தம்பி. 38 மாவட்டம். 841ஐ 38ஆல் வகுத்தால் 22 கோடி. அதுதான் நமக்கு. அதையும் நெல் மாவட்டங்கள் அள்ளிக்கொண்டு போகும்.

வேணி_ஆர்எஸ்மங்கலம்
கண்மாய்க்கரை, என்ன பயிர்? நெல்லா மிளகாயா? எந்த ஊர்? பிரீமியம் சங்கத்தில் கட்டினீர்களா, இ-சேவை மையத்திலா? நீங்கள் கேட்பது போன சம்பாவுக்கான இழப்பீடா, இனி விதைக்கப் போவதற்கா? இது எதுவும் சொல்லாமல் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

பாம்பன் விசைப்படகு
நானும் அந்தத் தாளைப் பார்த்தேன். மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் பற்றி அதில் ஒரு வரி தேடினேன், கிடைக்கவில்லை. ஏப்ரல் 15 வரப்போகிறது. எடுத்துவிட்டார்களா?

கருவூலம்_ஓய்வு
முக்கிய அம்சங்கள் என்பது பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுக்கிற தாள். அதை வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. துறைவாரியாகச் செலவைக் காட்டுகிற மானியக் கோரிக்கைப் புத்தகங்களில் எண் 5 வேளாண்மை. அதில் 2401 பயிர்ப் பராமரிப்பு என்ற பெருந்தலைப்பு, அதன்கீழ் 110 பயிர்க் காப்பீடு. அங்கே பாருங்கள், ஒதுக்கீடு முழுதும் இருக்கும். நாற்பது வருடம் இதைப் பார்த்தே கண் போனது எனக்கு. வகுத்துப் பார்த்த நண்பருக்கு வாழ்த்துகள்.

முதுகுளத்தூர்க்காரன்
கண் போனது சரி, வாய் நன்றாகத்தான் இருக்கிறது. சரியான விடை தெரிந்தால் சொல்லுங்கள் சார்.

மண்டி பாய்
நான் ராமநாதபுரத்தில் மிளகாய் மண்டி வைத்திருக்கிறேன். வியாபாரிக்கு இந்தத் தாளில் ஏதாவது உண்டா என்று பார்த்தேன், ஒன்றும் இல்லை. முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு வாங்கினோம், பெருமைதான். ஆனால் மூட்டையை வாங்கி விற்கிற எங்களுக்கு எந்த வரியிலும் ஒரு ரூபாய் காணோம்.

வேணி_ஆர்எஸ்மங்கலம்
பாய், சிறு வணிகம், குறுந்தொழில் சமாச்சாரம் வேளாண் பட்ஜெட்டில் வராது. முந்தின நாள் நிதி அமைச்சர் படித்தது பொது பட்ஜெட், அதில் தேடுங்கள். கோரிக்கை எண் 44 குறு, சிறு, நடுத்தரத் தொழில். ஆனால் அங்கே இருப்பது பெரும்பாலும் பொருள் செய்கிறவர்களுக்கு. வாங்கி விற்கிறவர்களுக்கு அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

கருவூலம் ஐயா சொன்ன இடம் சரி, ஆனால் 110இல் மட்டும் முழுத் தொகை இருக்காது. ஆதிதிராவிடர் துணைத் திட்டத்துக்கு 789 என்றும் பழங்குடியினருக்கு 796 என்றும் தனிச் சிறுதலைப்புகள் உண்டு. காப்பீட்டு மானியத்தில் ஒரு பங்கு அங்கே பிரிந்து கிடக்கும். 110ஐ மட்டும் பார்த்துவிட்டுக் குறைத்துவிட்டார்கள் என்று கத்துகிற ஆட்களை வருடா வருடம் பார்க்கிறேன். மூன்றையும் கூட்டுங்கள். பக்கத்தின் தலையில் தொகை ஆயிரம் ரூபாயில் என்று போட்டிருக்கும், மூன்று சுழியம் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கருவூலம்_ஓய்வு
789 பொதுவாக எல்லோருக்கும் தெரிந்ததுதான். சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

கண்மாய்க்கரை
நெல். சம்பா. தேவிபட்டினம் பக்கம். அறுப்பு நேரத்து மழையில் கதிர் சாய்ந்து முளைவிட்டது. சங்கத்தில் கட்டினேன். அறுவடைப் பரிசோதனைக்கு ஆள் வந்தார்கள், எங்கள் வயலுக்கு வரவில்லை.

வேணி_ஆர்எஸ்மங்கலம்
இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சரி, மெதுவாகப் படியுங்கள்.

அந்த 841 கோடி உங்களுக்குக் கொடுக்கிற இழப்பீடு அல்ல. காப்பீட்டு நிறுவனத்துக்கு மாநில அரசு கட்டுகிற பிரீமியப் பங்கு. இழப்பீடு கொடுப்பது நிறுவனம்.

ஒரு கணக்குப் போடுகிறேன், எண்கள் நான் வசதிக்கு எடுத்தவை. ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 30,000 என்று வையுங்கள். டெண்டரில் நிறுவனம் 20 சதவீதம் பிரீமியம் கேட்டால் ஏக்கருக்கு 6,000 ரூபாய். சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், அதாவது 450. மீதி 5,550ஐ மத்திய அரசும் மாநில அரசும் சரிபாதி, ஆளுக்கு 2,775. இந்த 2,775 மாதிரியான தொகைகள் சேர்ந்ததுதான் பட்ஜெட்டில் நிற்கிற எண்.

அடுத்த டெண்டரில் அதே நிறுவனமோ வேறொன்றோ 12 சதவீதத்துக்கு வருகிறது என்று வையுங்கள். பிரீமியம் 3,600. நீங்கள் கட்டுவது அதே 450. மீதி 3,150, மாநிலத்தின் பங்கு 1,575. பட்ஜெட் தொகை கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. ஆனால் உங்கள் காப்பீட்டுத் தொகை அதே 30,000தான், ஒரு ரூபாய் குறையவில்லை.

முதுகுளத்தூர்க்காரன்
அக்கா, அப்போ 841 ஆனதற்குக் காரணம் பிரீமியம் குறைந்தது என்கிறீர்களா?

வேணி_ஆர்எஸ்மங்கலம்
அப்படிச் சொல்லவில்லை. அப்படியும் இருக்கலாம் என்கிறேன். பரப்பு குறைந்திருக்கலாம், முந்தின பருவத்துப் பாக்கி 1,775இல் சேர்ந்திருக்கலாம். தாளில் 35 லட்சம் ஏக்கர் என்று போட்டிருக்கிறது. 841 கோடியை அதால் வகுத்தால் ஏக்கருக்கு 2,400 ரூபாய் வருகிறது. இது தோராயம்தான், நெல்லுக்கும் மிளகாய்க்கும் விகிதம் வேறு. மிளகாய்க்கு விவசாயி பங்கே 5 சதவீதம்.

இன்னொன்று, 1,775 என்பது போன வருடம் ஆரம்பத்தில் போட்ட மதிப்பீடு. கோரிக்கைப் புத்தகத்தில் அதற்குப் பக்கத்திலேயே திருத்த மதிப்பீடு என்ற கட்டம் இருக்கும். 841ஐ அதோடு ஒப்பிடுங்கள். திருத்தத்திலேயே 1,775 இறங்கியிருந்தால் நீங்கள் பயப்படுகிற சரிவு பாதி அங்கேயே முடிந்திருக்கும். முக்கிய அம்சங்கள் தாளில் இந்தக் கட்டம் வராது.

ஆற்றங்கரை மணி
மத்திய அரசு பங்கில் வரம்பு உண்டே. பிரீமியம் மானாவாரிக்கு 30 சதவீதம், பாசனப் பயிருக்கு 25 சதவீதம் வரைதான் பாதி கொடுப்பார்கள். அதற்கு மேலே நிறுவனம் கேட்டால் முழுச் சுமையும் மாநிலத்தின் தலையில். கடலோரத்தில் ஒரு வருடம் வறட்சி, ஒரு வருடம் புயல், பிரீமியம் ஏறத்தான் செய்யும். அதனால்தான் நம் மாவட்டத்தைக் கண்டாலே எரிச்சல்.

கருவூலம்_ஓய்வு
எரிச்சல் என்பது கணக்குத் தலைப்பு அல்ல.

ஆற்றங்கரை மணி
சரி ஐயா. வேளாண் பட்ஜெட் 45,661 கோடி என்று தலைப்பில் போடுகிறார்களே, அது எந்தத் தலைப்பு? அதில் 8,186 கோடி பம்புசெட் இலவச மின்சாரத்துக்கு மின்வாரியத்துக்குப் போகிறது. எங்கள் ஊரில் கண்மாய்த் தண்ணீர், இல்லையென்றால் வானம். பம்புசெட் வைத்திருப்பவன் எத்தனை பேர்? அந்தப் பணத்தையும் விவசாயிக்குக் கொடுத்தோம் என்று எழுதினால் ராமநாதபுரத்துக்காரன் எங்கே போய்ச் சிரிப்பது?

முதுகுளத்தூர்க்காரன்
மணி அண்ணே சொல்வது சரி. பழைய பணம், புதிய அட்டை. 2021இல் தனி வேளாண் பட்ஜெட் வருவதற்கு முன்னாலும் இதே மின்சாரம் இருந்தது.

கருவூலம்_ஓய்வு
அட்டை என்று கேலி செய்ய வேண்டாம். பல துறைகளில் சிதறிக் கிடக்கிற வேளாண் செலவை ஓரிடத்தில் தொகுத்துப் படிக்கிறார்கள். அதனால்தான் நீங்கள் இவ்வளவு கேள்வியாவது கேட்கிறீர்கள். சட்டமன்றம் நிறைவேற்றுவது கோரிக்கை வாரியாகத்தான், பட்ஜெட் என்ற பெயருக்கு அல்ல.

ஆற்றங்கரை மணி
அதைத்தான் ஐயா நானும் சொல்கிறேன், தனிப் பணம் இல்லை என்று. நீங்கள் மறுக்கிற மாதிரி ஒத்துக்கொள்கிறீர்கள்.

பாம்பன் விசைப்படகு
என் கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள்.

வேணி_ஆர்எஸ்மங்கலம்
அண்ணே, நிவாரணம் மீன்வளத் துறை, கோரிக்கை எண் 7. ஏற்கெனவே நடக்கிற திட்டம் முக்கிய அம்சங்கள் தாளில் வராமல் போகலாம், புதிதாகச் சொல்ல வேண்டியதைத்தான் அங்கே போடுவார்கள். வரி இல்லை என்பதால் நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. எண் 7இல் வரியைத் தேடி, இந்த வருடத்துக் கட்டத்தில் தொகை இருக்கிறதா என்று பாருங்கள்.

கண்மாய்க்கரை, உங்கள் இழப்பீட்டுக்கு வருகிறேன். மாவட்டத்துக்கு இவ்வளவு என்று எந்தப் பக்கத்திலும் கிடைக்காது, அப்படி ஒதுக்குவதே இல்லை. சம்பா நெல்லுக்கு நம் பக்கம் வருவாய்க் கிராமம்தான் அலகு. கிராமத்தில் நான்கு இடங்களில் அறுத்துப் பார்த்துச் சராசரி எடுப்பார்கள். உங்கள் வயல் அந்த நான்கில் வராவிட்டாலும் உங்களுக்கும் அதே சராசரிதான். அதை உத்தரவாத மகசூலோடு ஒப்பிடுவார்கள். உத்தரவாதம் 800 கிலோ, கிடைத்த சராசரி 500 என்றால் குறைவு 300. எண்ணூறில் முந்நூறு 37.5 சதவீதம், 30,000க்கு 11,250 ரூபாய். சராசரி 810 வந்துவிட்டால், உங்கள் வயல் முழுதும் முளைவிட்டிருந்தாலும் இந்தக் கணக்கில் ஒன்றும் வராது.

ஆற்றங்கரை மணி
உத்தரவாத மகசூல் எப்படி வருகிறது என்பதையும் சொல்லுங்கள் அக்கா. கடந்த 7 வருடத்தில் நல்லதாக 5 வருடத்தின் சராசரி, அதிலும் ஒரு குறிப்பிட்ட சதவீதம்தான். நமக்கு 7இல் நல்ல வருடம் இரண்டோ மூன்றோ. உத்தரவாதமே பள்ளத்தில் கிடக்கிறது. பட்ஜெட்டில் 841 போட்டால் என்ன, எட்டாயிரம் போட்டால் என்ன?

வேணி_ஆர்எஸ்மங்கலம்
அதில் உங்களோடு சண்டை போட மாட்டேன்.

கண்மாய்க்கரை
ரசீதை எடுத்துப் பார்த்தேன். சர்வே எண் சரி. கிராமம் பக்கத்துக் கிராமத்தின் பெயர் போட்டிருக்கிறது. இது பிரச்சினையா?

கருவூலம்_ஓய்வு
பட்ஜெட் கேள்வி முடிந்ததா?

வேணி_ஆர்எஸ்மங்கலம்
பிரச்சினைதான். அந்தக் கிராமத்தின் சராசரி உங்கள் தலையில் விழும், அல்லது சரிபார்ப்பில் உங்கள் எண்ணே கழிந்துபோகும். அடங்கல், சிட்டா, ரசீது, வங்கிப் புத்தகம் நான்கையும் எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போங்கள். அவர்கள் கைவிரித்தால் வட்டார வேளாண் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு முத்திரை வாங்குங்கள். இவ்வளவு பிந்தித் திருத்த முடியுமா என்பது அவர்கள் கையில். எங்கள் சங்கத்தில் ஒருவருக்குத் திருத்தினார்கள், இன்னொருவருக்கு முடியாது என்றார்கள்.

மண்டி பாய்
மழையில் நனைந்த மிளகாய் வற்றலுக்கும் இந்தக் கணக்கு உண்டா? வாங்கி வைத்தது, எங்கள் குடோனில் இருந்தது.

வேணி_ஆர்எஸ்மங்கலம்
வயலில் இருக்கிற பயிருக்குத்தான் பாய். குடோன் சரக்குக்கு நீங்கள் தனியாகக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும்.

கண்மாய்க்கரை
சங்கத்துக்குப் போகிறேன். ஊரில் 841 பற்றி நான் பேசவில்லை.

முதுகுளத்தூர்க்காரன்
போய் வந்து என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுது தம்பி. என் ரசீதையும் இப்போதுதான் தேடுகிறேன்.