புதுப்பிப்பு: 16ஏ சான்றிதழும் பேரேட்டு வரவும்

சென்ற வாரம் நான் கேட்டது: “வாடிக்கையாளர்கள் என் கட்டணத்தில் வரி பிடித்ததற்குத் தரும் 16ஏ சான்றிதழ்களிலிருந்து சான்றிதழ் எண், காலாண்டு, தொகை மூன்றையும் பிரித்தெடுத்துப் பேரேட்டு வரவுகளோடு ஒப்பிட்டேன். 43இல் 19 ஒத்துப்போகவில்லை. ஏன்?”

இப்போது மூன்றுதான் மீதி.

வரவு நாளை வைத்துத் தேடியதுதான் என் தவறு. ஒரு பில்லின் தேதி 2025 மார்ச் 28. கட்டணம் 1,00,000, ஜிஎஸ்டி 18,000. வங்கிக்கு 1,08,000 வந்தது ஏப்ரல் 17இல். வாடிக்கையாளரோ மார்ச்சிலேயே பில்லைக் கணக்கில் ஏற்றி 10,000 பிடித்துவிட்டார். சான்றிதழ் நான்காம் காலாண்டுக்கு உரியது. நான் அடுத்த நிதியாண்டின் முதல் காலாண்டில் துழாவிக்கொண்டிருந்தேன். பில் தேதியைப் பிடிக்கச் சொன்ன தணிக்கையாளருக்கு நன்றி.

பில் தொகையைக் கண்டுபிடிக்க “வரவை 0.9ஆல் வகுங்கள்” என்று பதில் எழுதியவர் சொன்னது பாதி சரி. ஜிஎஸ்டி இருந்தால் அது 1,20,000 என்று இல்லாத பில்லைக் காட்டும், 1.08ஆல் வகுக்க வேண்டும்.



ஒரு வாடிக்கையாளர் திருத்திய சான்றிதழையும் அனுப்பியிருந்தார். எண் வேறாக இருந்ததால் இரண்டையும் கூட்டிவிட்டேன். இனி வரி பிடிப்பவரின் டான் எண்ணும் காலாண்டும் ஒன்றாயிருந்தால் கண்ணால் பார்த்த பிறகே ஏற்றுவேன்.

மீதமுள்ளவற்றில் இரண்டுக்குச் சான்றிதழ் தெளிவாக இல்லை, மறுபடி கேட்டிருக்கிறேன். மூன்றாமவர் ஜிஎஸ்டியையும் சேர்த்து 11,800 பிடித்திருக்கிறார். தனியாகக் காட்டிய ஜிஎஸ்டிக்குப் பிடித்தம் இல்லை என்னும் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையை அனுப்பினேன். “எங்கள் மென்பொருள் அப்படித்தான் பிடிக்கும்” என்கிறார் அவர்களின் கணக்கர்.