‘வொர்க் அண்ட் ஹாலிடே’ விசாவுக்கு ஒரு தமிழ்ச்சொல்

பூங்குழலி:
அனைவருக்கும் வணக்கம். ஆஸ்திரேலிய விசா விதிகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தியர்களுக்கும் திறந்துவிட்ட 462 எண் ‘வொர்க் அண்ட் ஹாலிடே’ விசாவின் பெயரில் சிக்கல். ‘பணி விடுமுறை விசா’ என்று எழுதினேன். படித்த தோழி, “வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கா?” என்று கேட்டாள். தமிழில் அப்படித்தான் ஒலிக்கிறது. ஓராண்டு ஊர் சுற்றிப் பார்ப்பதுதான் இந்த விசாவின் நோக்கம்; கைச்செலவுக்காக வேலையும் செய்துகொள்ளலாம். இதைச் சொல்லும் சொல் வேண்டும்.

சண்முகம்:
ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பதுதானே முக்கியமான விதி? அப்படியானால் ‘பகுதிநேரப் பணி விசா’ என்றே சொல்லிவிடலாமே.

மலர்விழி, மெல்பர்ன்:
சண்முகம் ஐயா, ஆறு மாத விதி சரி. ‘பகுதிநேரம்’ சரியில்லை. முழுநேரமாகவே வேலை பார்க்கலாம். கட்டுப்பாடு மணிக்கணக்கில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. மார்ச் 10 அன்று ஒரு பெண் காபிக் கடையில் சேர்கிறாள், வாரத்துக்கு இரண்டே நாள். செப்டம்பர் இரண்டாம் வாரம் வரும்போது ஐம்பது நாள்தான் உழைத்திருப்பாள். ஆனாலும் ஆறு மாதம் முடிந்துவிட்டது. எழுத்தில் அனுமதி வாங்காமல் அங்கே தொடர முடியாது. பலர் சறுக்குவது இங்கேதான். ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சியை மாற்றிக்கொண்டு அதே கடைக்குத் திரும்பினாலும் புதுக்கணக்கு ஆகாது. அதே முதலாளியின் வேறு ஊர்க் கிளைக்குப் போனால் அங்கே புதிதாக ஆறு மாதம் உண்டு. பயிர், கால்நடை வேலைகளுக்கு விலக்கும் இருக்கிறது. ஆகவே பெயரில் நேரத்தைக் கொண்டுவராதீர்கள்.

இராமநாதன்:
என் மகன் பி.இ. முடித்தவன். நவம்பரில் 31 ஆகிறது. 5000 டாலர் கட்டணம் கட்டினால் கிடைத்துவிடுமா? அந்தப் பணம் திரும்பி வருமா?

மலர்விழி:
ஐயா, 5000 ஆஸ்திரேலிய டாலர் நீங்கள் கட்டுவதில்லை. போய் இறங்கியதும் பிழைத்துக்கொள்ள அவரிடம் பணம் இருக்கிறது என்று வங்கிக் கணக்கில் காட்டுவது. திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணம் அதற்கு மேல். விசாக் கட்டணம் தனி. பள்ளிக்குப் பிறகு இரண்டாண்டுப் படிப்பு கேட்பார்கள், பி.இ. அதற்குப் போதும், ஆங்கிலத் தகுதியும் காட்ட வேண்டும். சிக்கல் வயதில்தான். இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 1000 இடம். 2024 அக்டோபரில் முதல்முறை குலுக்கலுக்குப் பதிவு வாங்கினார்கள். குலுக்கலில் பெயர் விழுந்த பிறகுதான் விசாவுக்கே விண்ணப்பிக்க முடியும். விண்ணப்பிக்கும் நாளில் 31 பிறந்திருக்கக்கூடாது. விண்ணப்பித்த பிறகு பிறந்தநாள் வந்தால் கவலையில்லை. பெயர் எப்போது விழும் என்பது அவர் கையில் இல்லை, அதனால் நவம்பர் மிக நெருக்கம்.

பூங்குழலி:
இராமநாதன் ஐயாவின் கேள்வியால் எனக்கு ஒன்று தெளிந்தது. அந்தத் தொகையைக் ‘காப்புத்தொகை’ என்று எழுதி வைத்திருந்தேன். படிப்பவர்கள் டெபாசிட் என்றே எடுத்துக்கொள்வார்கள். ‘கையிருப்பு’ என்று மாற்றுகிறேன்.

குமரவேல், ஈப்போ:
மலேசியர்களுக்கும் இதே 462தான். என் தங்கை போய்வந்தாள். பெரும்பாலும் பழம் பறிக்கும் வேலை. ‘பருவப்பணி விசா’ பொருந்துமே?

மலர்விழி:
பழம் பறித்தது இரண்டாம் ஆண்டு விசாவுக்காக இருக்கும், தம்பி. முதல் ஆண்டில், பெரும்பாலும் பெருநகருக்கு வெளியே, அவர்கள் வகுத்துச் சொன்ன இடத்தில், வகுத்த வேலையை மூன்று மாதம் செய்தால்தான் இன்னோர் ஆண்டு கேட்கலாம். அதனால்தான் எல்லோரும் தோட்டத்துக்கு ஓடுகிறார்கள். ஆனால் ஓட்டலில் பாத்திரம் கழுவியே முதல் ஆண்டை முடிக்கவும் விசா இடம் தருகிறது. தவிர, பருவ வேலைக்குப் பசிபிக் தீவுக்காரர்களுக்கும் திமோர் லெஸ்தே நாட்டவருக்கும் தனித் திட்டம் இருக்கிறது. ‘பருவப்பணி’யை அதற்கு விட்டுவைக்கலாம்.

பூங்குழலி:
அப்படியானால் ‘உலாப்பணி விசா’? சுற்றுலாவில் இருக்கும் உலாதான். முன்னால் நிற்பதால் பயணமே முதன்மை என்பதும் தெரிகிறது. ‘பயணப்பணி’ என்றும் யோசித்தேன், அது ஊர் ஊராகப் போகும் விற்பனையாளர் வேலைபோல் இருக்கிறது.

சண்முகம்:
உலா என்றால் எனக்கு அரசன் வீதியில் பவனி வருவதுதான் முன்னே நிற்கிறது. பணியோடு ஒட்டும்போது இடறுகிறது. ‘சுற்றுலாப்பணி’ என்று முழுதாகவே வைத்தால் என்ன?

மலர்விழி:
‘சுற்றுலாப்பணி’ என்றால் டூரிஸ்ட் கைடு வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு உலாப்பணி பிடித்திருக்கிறது. ஆனால் 417 எண்ணில் இன்னொன்று இருக்கிறது: பிரிட்டன், கனடா போன்ற நாட்டவருக்கு, படிப்புத் தகுதி கேட்காதது, சில நாட்டவருக்கு 35 வயது வரைகூட. ஆங்கிலத்தில் அது ‘வொர்க்கிங் ஹாலிடே’, நம்முடையது ‘வொர்க் அண்ட் ஹாலிடே’. இரண்டுக்கும் ஒரே சொல்லா?

பூங்குழலி:
இப்போதைக்கு ‘உலாப்பணி விசா 417’, ‘உலாப்பணி விசா 462’ என்று எண்ணோடு எழுதிப் பார்க்கிறேன். சண்முகம் ஐயா, இடறாத வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள். அடுத்த வாரம்தான் பக்கத்தை முடிக்கிறேன்.