புதுப்பிப்பு: எடைமேடை வேலையை மறுத்த கதை

போன வாரம் நான் இங்க கேட்டது: "மன்னார்குடி பக்கம் அரிசி ஆலையில கணக்கு பாக்குறேன். எடைமேடைப் பையன் வேலைய விட்டு நின்னுட்டான், சாயங்கால லோடு பதிவையும் நீயே பாருன்னு மேனேஜர் சொல்றார். எப்படி மறுக்கிறது?"

முதல் தடவை சொதப்பிட்டேன். "பாக்குறேன் சார், ஆனா வண்டி பஞ்சர், அம்மாவுக்கும் முடியல"ன்னேன். "என் வண்டிய எடுத்துக்க, அம்மாவ காலையில பாத்துக்க"ன்னுட்டார். "பாக்குறேன்"ங்கிறது அவர் காதுல "சரி"ன்னுதான் விழுந்திருக்கு.

மெயில் போடச் சொன்ன தம்பி, பதிவு இருக்கிறது நல்லதுதான். ஆனா பத்தடி தள்ளி உக்காந்திருக்கிறவருக்கு மெயில் போட்டா சண்டைன்னு எடுத்துக்குவார். ஓவர்டைம் கணக்கு கேட்ட அண்ணே, எனக்குக் காசு பிரச்சனை இல்ல.

கும்பகோணம் அக்கா சொன்னதுதான் எடுபட்டுச்சு: காரணம் ஒண்ணே ஒண்ணு, அதுவும் வேலை சம்பந்தமா. டீ நேரத்துல, ஆள் இல்லாதப்ப போனேன்.

"சார், 11ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன் போட்டாகணும். எடைமேடைய என்னால எடுத்துக்க முடியாது சார்."

"ரெண்டு நாள் மட்டும்பா."

"ரெண்டு நாளும் முடியாது சார். புது ஆள் வந்தா அரை மணி நேரம் பதிவு சொல்லித் தர்றேன்."

அப்புறம் நான் வாயைத் திறக்கல. அந்த மௌனம்தான் கஷ்டம், கை தானா ரசீதுப் புத்தகத்தைப் புரட்டுச்சு. "சரி, போ"ன்னார்.

இப்ப டிரைவர்தான் பதிவு போடுறார். மேனேஜர் முகம் இன்னும் இறுக்கமாத்தான் இருக்கு. 11 தாண்டினா மறுபடி கேப்பாரோ என்னவோ.